ஒரே பாட ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பது: மனம் நோகாமல் எப்படி?

கேள்வி: “எங்கள் பள்ளிக் கணிதத் துறையில் ஆறு ஆசிரியர்கள். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லும் முறையைத் தொடங்கப் போகிறோம். நடைமுறையையும் சரிபார்ப்புப் பட்டியலையும் என்னைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘இது இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன்தானே’ என்று இரண்டு பேர் இப்போதே முகம் சுளிக்கிறார்கள். யார் மனமும் நோகாமல், அதே சமயம் உருப்படியாகவும் எப்படிச் செய்வது?”

முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள். தேடினால் உடனே கிடைக்கும் அந்த இருபத்தைந்து வரிப் படிவத்தை எடுக்காதீர்கள். ‘பாட அறிவு’, ‘வகுப்பறைக் கட்டுப்பாடு’, ‘மாணவர் ஈடுபாடு’ என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்கும் படிவம் அது. உங்கள் சகாக்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அதை நினைத்துத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. ‘மாணவர் ஈடுபாடு’ என்ற வரியில் நீங்கள் மூன்று போடுவீர்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர் நான்கு போடுவார். இருவரும் பார்த்தது ஒரே வகுப்பைத்தான். பயிற்சி பெற்ற பார்வையாளர்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு வரும், ஒரே பாடவேளையை மட்டும் பார்த்துப் போடும் மதிப்பெண் நம்பத்தக்கதல்ல என்பது இந்தத் துறையில் நன்றாக உறுதியான விஷயம். இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஆய்வாளர்கள் தனித்தனிப் பாடவேளைக்குத் தரம் போடுவதை 2014-இல் நிறுத்தியது. முழுநேர ஆய்வாளர்களே கைவிட்ட ஒன்றை, காலையில் சேர்ந்து காபி குடிக்கும் இரண்டு சக ஆசிரியர்கள் செய்துகொள்ளத் தேவையில்லை.

அப்படியானால் பட்டியல் வேண்டாமா? வேண்டும். ஆனால் அது கற்பிப்பவரைச் சோதிக்கும் பட்டியலாக இருக்கக் கூடாது, பார்க்கப் போகிறவர் ஒழுங்காக நடந்துகொண்டாரா என்று பார்க்கும் பட்டியலாக இருக்க வேண்டும். இந்த முறையில் மரியாதை குறைவது கற்பித்தல் சரியில்லாததால் அல்ல. பார்த்தவர் எதைப் பார்த்தார், எப்படி எழுதினார், யாரிடம் சொன்னார் என்பதில்தான் அது கெடுகிறது. சுமார் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கோகனும் ராபர்ட் கோல்ட்ஹாமரும் ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு வரிசையை வகுத்தார்கள்: முன் உரையாடல், வகுப்பைப் பார்த்தல், குறிப்புகளை அலசுதல், பின் உரையாடல், கடைசியில் பார்த்தவர் தன்னையே அலசிக்கொள்ளுதல். இன்று புழக்கத்தில் இருக்கும் பல நடைமுறைகளுக்கு அடியில் இதுதான் இருக்கிறது. எல்லோரும் வசதியாக விட்டுவிடுவது அந்தக் கடைசிப் படியை.

முன் உரையாடலுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும், முந்தின நாளே நடந்துவிட வேண்டும். அதில் முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று: எதைப் பார்ப்பது? அதைச் சொல்லும் உரிமை வகுப்பு எடுப்பவருக்கு மட்டும்தான். பலர் ‘சும்மா பொதுவாப் பாருங்க, எதாவது தோணினா சொல்லுங்க’ என்பார்கள். கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும், ஆனால் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொதுவாகப் பார்க்கப் போனவர் தனக்குப் பிடிக்காததைத்தான் பார்த்துவிட்டு வருவார். அதனால் அந்த இடத்தில் பார்ப்பவர் விடாமல், ‘சமீபத்துல உங்களுக்கே எந்த இடம் உறுத்துது?’ என்று கேட்க வேண்டும். ‘பசங்க சரியா கவனிக்கிறதில்ல’ என்று பதில் வந்தால் அதுவும் போதாது. எண்ணக்கூடிய, எழுதக்கூடிய கேள்வியாக அது இறங்கி வர வேண்டும். கவனிக்கவில்லை என்றால் எப்போது? நான் பலகையில் எழுதும்போதா, கணக்கைத் தனியாகப் போடச் சொல்லும்போதா? தனியாகப் போடச் சொன்ன பிறகு எத்தனை நிமிடத்தில் பேனா எடுக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியோடு ஒருவர் வகுப்புக்குள் போகலாம்.

ஒரே பாடத்துறைக்குள் செய்யும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழாசிரியர் கணித வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மாணவர்களைப் பார்ப்பார். கணித ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் கணக்கைப் பார்ப்பார். ‘நானா இருந்தா இந்த எடுத்துக்காட்டை முதல்ல போட்டிருக்க மாட்டேன்’ என்பது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அது தடுக்க முடியாதது. ஓடட்டும், ஆனால் அது தாளில் ஏறக் கூடாது. வகுப்பு எடுப்பவர் பலகையில் ஒரு பிழை செய்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள், ஏனென்றால் நாற்பது நிமிடத்தில் யாருக்கும் ஒரு கழித்தல் குறி தப்பும். நான் பரிந்துரைப்பது இதுதான்: வகுப்பில் வாயைத் திறக்காதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள், மணி அடித்ததும் தனியாகச் சொல்லுங்கள். அவரே அடுத்த வகுப்பில் திருத்திக்கொள்வார். சிலர் துண்டுச் சீட்டு நீட்டுவார்கள். ஆசிரியர் அதை வாங்கிப் படிக்கும்போது மாணவர்களின் கண் எங்கே இருக்கும் என்று யோசித்தாலே அது ஏன் வேண்டாம் என்று புரியும்.

இனி வகுப்புக்குள் நடப்பதை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன், அப்போதுதான் குறிப்பு எழுதுவது எப்படி என்று பிடிபடும். எட்டாம் வகுப்பு, எளிய சமன்பாடுகள். வகுப்பு எடுக்கும் ஆசிரியை முன் உரையாடலில் சொன்னது: ‘நான் கேள்வி கேட்டுட்டு யோசிக்க நேரம் குடுக்குறேனா, யார் யார் பதில் சொல்றாங்கன்னு மட்டும் பாருங்க சார்.’ பார்ப்பவர் மணி அடிப்பதற்கு முன்பே வந்து பக்கவாட்டுச் சுவர் ஓரமாக உட்காருகிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் பின்கழுத்துதான் தெரியும், முகம் தெரியாது. அவர் யார், எதற்கு வந்திருக்கிறார் என்பதை ஆசிரியை ஒரே வரியில் மாணவர்களிடம் சொல்லிவிடுகிறார்: ‘சார் நம்ம வகுப்பு எப்படி நடக்குதுன்னு பார்க்க வந்திருக்கார், எனக்கு உதவிக்காக.’ தங்களைச் சோதிக்க யாரோ வந்திருக்கிறார் என்ற கலவரம் மாணவர்களுக்கும் இல்லாமல் போகிறது.

தாளில் மூன்று நெடுவரிசை: நேரம், ஆசிரியர் சொன்னது, மாணவர் சொன்னது அல்லது செய்தது. பக்கத்தில் உட்காரும் இடங்களின் சின்ன வரைபடம், யார் பதில் சொன்னாலும் அந்த இடத்தில் ஒரு கோடு. கேள்விக்கும் அடுத்த குரலுக்கும் இடைப்பட்ட நொடிகளை மனசுக்குள் எண்ணி எழுதுகிறார். நாற்பது நிமிடமும் இப்படி எழுதினால் கை வலிக்கும், கவனமும் சிதறும். அதனால் முன்பே பேசிக்கொண்டபடி நடுவில் ஒரு பதினைந்து நிமிடம் மட்டும் முழுதாகப் பதிவு செய்கிறார். அவர் குறிப்பில் ஒரு துண்டு இப்படி இருக்கிறது. 10.20, ‘3x + 5 = 20. முதல்ல என்ன செய்யணும்?’ முதல் வரிசை மாணவி இரண்டு நொடியில், ‘அஞ்சைக் கழிக்கணும் மிஸ்.’ ‘ஏன்?’ ஒரு நொடி. ஆசிரியையே, ‘ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல, அதனாலதான்.’

அந்தப் பதினைந்து நிமிடத்தில் 18 கேள்விகள். 11 கேள்விகளுக்குப் பதில் வந்தது முன் இரண்டு வரிசையில் இருந்த நான்கு பேரிடமிருந்து. நான்கு கேள்விகளுக்கு மற்ற இடங்களிலிருந்து. மிச்சம் மூன்றுக்கு ஆசிரியையே பதில் சொன்னார், அந்த மூன்றுமே ‘ஏன்’ கேள்விகள். கவனியுங்கள், இதில் ‘நேரம் தரவில்லை’ என்ற வாக்கியம் எங்கும் இல்லை. ‘அவசரப்பட்டார்’, ‘நன்றாக இருந்தது’ என்பவையும் இல்லை. பாராட்டும் ஒரு தீர்ப்புதான், குறிப்புத் தாளில் அதற்கும் இடம் கிடையாது. எழுதும்போதே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். இந்த வரியை ஒலிப்பதிவில் கேட்க முடியுமா, ஒளிப்பதிவில் காட்ட முடியுமா? முடியும் என்றால் இருக்கட்டும், முடியாது என்றால் அது உங்கள் கருத்து, அடித்துவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970-களில் வெளியிட்ட முடிவு இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று நொடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது மூன்று நொடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும் என்பதால், இதைத் தானே உணர்வது கடினம். சுவர் ஓரம் உட்கார்ந்த சகா எளிதில் எண்ணித் தர முடியும். சக ஆசிரியர் பார்ப்பதால் கிடைக்கும் நல்ல பலன் இந்த மாதிரி விஷயங்களில்தான்: தன் கண்ணுக்குத் தன்னால் தெரியாதது, ஆனால் இன்னொருவருக்குச் சுலபமாகத் தெரிவது.

பின் உரையாடல் அன்றோ மறுநாளோ நடக்க வேண்டும், ஒரு வாரம் போனால் நினைவு மங்கி, பேசுவதற்குக் கருத்து மட்டும்தான் மிஞ்சும். ஆசிரியர் அறையில் எல்லோர் காதும் இருக்கும் இடத்தில் வேண்டாம். பார்த்தவர் முதலில் தாளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இது பலருக்கு முடியாத காரியம், ‘நல்லாப் பண்ணீங்க மேடம், ஆனா…’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ‘ஆனா’வைக் கேட்டதும் அதற்கு முன்னால் சொன்ன பாராட்டு பொய்யாகிவிடும். மேலே சொன்ன வகுப்பில் ஆசிரியை தாளைப் படித்துவிட்டு, தானே சொல்வார்: ‘நாலு பேரே சொல்றாங்கன்னு தெரியும். ஆனா “ஏன்”னு கேட்டுட்டு நானே சொல்லிடறேன்னு தெரியாது.’ பார்த்தவர் இந்த இடத்தில் கேட்கக்கூடிய கேள்வி, ‘அந்த எடத்துல பசங்க என்ன சொல்லுவாங்கன்னு எதிர்பார்த்தீங்க?’ என்பது மாதிரி இருக்கலாம். ‘ஏன் காத்திருக்கல?’ என்பது கேள்வி போலத் தெரிந்தாலும் குற்றச்சாட்டுதான். வயதிலோ அனுபவத்திலோ மூத்தவரிடம் இளையவர் போயிருந்தால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக உறைக்கும்.

கேட்காத ஒன்றைப் பார்த்துவிட்டால்? அதே வகுப்பில், தனியாகக் கணக்குப் போடும் நேரத்தில், மூன்றாம் வரிசைப் பையன் ஒருவன் நோட்டில் 3x = 25 என்று எழுதியதைப் பார்த்தவர் கவனித்திருந்தார். ஐந்தைக் குறி மாற்றாமல் அப்படியே அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கக் கணிதக்காரர்தான் வேண்டும், ஒரே துறைக்குள் பார்ப்பதன் லாபம் இதில்தான் இருக்கிறது. ஆனால் பேசிக்கொண்ட கேள்விக்கு இது வெளியே. நான் சொல்லும் விதி: பேச்சு முடியும் தறுவாயில், ‘கேட்டதுக்கு வெளியில ஒண்ணு பார்த்தேன், சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டு, ஒன்றே ஒன்றைச் சொல்லலாம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். இங்கே ஆசிரியை சொல்லச் சொன்னால், அந்தப் பையனின் பிழைக்கும் பதில் வராத அந்த ‘ஏன்’ கேள்விக்கும் இருக்கும் தொடர்பை அவரே பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் ஐந்தைக் கழிக்கிறோம் என்பது புரியாதவனுக்கு, எண்ணை இடம் மாற்றும் தந்திரம் மட்டும்தான் கையில் இருக்கும். கடைசியில் அடுத்த இரண்டு வாரத்துக்குச் செய்து பார்க்க ஒன்று மட்டும் அவரே முடிவு செய்கிறார்: ‘ஏன்’ என்று கேட்டால் கை தூக்கச் சொல்லாமல், எல்லோரையும் ஒரு வரி நோட்டில் எழுதச் சொல்வது. அடுத்த முறை பார்ப்பவர் ‘ஏன்’ கேள்விகளை மட்டும் எண்ணினால் போதும்.

அப்புறம், அந்தத் தாள் யாருடையது? வகுப்பு எடுத்தவருடையது. பார்த்தவர் பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது, போனில் படமும் எடுக்கக் கூடாது. தலைமையாசிரியருக்குப் போக வேண்டியது, ‘இன்ன தேதியில் இன்னார் வகுப்பை இன்னார் பார்த்தார், இரண்டு உரையாடலும் நடந்தன’ என்ற ஒரு வரி. அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம். நிர்வாகம் இதையே ஆண்டு மதிப்பீட்டுக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்டால், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்றிலிருந்து எல்லோரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் காட்டுவார்கள், நீங்கள் பார்ப்பது நாடகமாகிவிடும். ஒரே விதிவிலக்கு, மாணவரின் பாதுகாப்பு. அடிப்பது, அவமானப்படுத்துவது போன்றவற்றைப் பார்த்தால் ரகசியம் காக்க முடியாது, பள்ளி விதிப்படி தெரிவிக்க வேண்டியிருக்கும். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், பிறகு யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்ட பட்டியல் இனிச் சுலபம். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது, நிரப்புவது பார்த்தவர், பின் உரையாடல் முடிந்த பிறகு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும். எதைப் பார்ப்பது என்பதை வகுப்பு எடுத்தவர் தேர்ந்தெடுத்தாரா? அது எண்ணக்கூடிய கேள்வியாக எழுதப்பட்டதா? எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம், மாணவரிடம் பேசலாமா, நோட்டைப் பார்க்கலாமா என்பதைக் கேட்டுக்கொண்டேனா? மணிக்கு முன்பே வந்து, சொன்ன நேரம் வரை இருந்தேனா? வகுப்பில் குறுக்கிடாமல் இருந்தேனா? குறிப்பில் தீர்ப்புச் சொல் எதுவும் இல்லாமல் எழுதினேனா? மறுநாளுக்குள் பேசினோமா? அவர் பேசிய பிறகு நான் பேசினேனா? கேட்காததை அனுமதியோடு மட்டும் சொன்னேனா? அடுத்து செய்து பார்ப்பதை அவரே முடிவு செய்தாரா? தாளைக் கொடுத்துவிட்டேனா? இதற்குக் கீழே வகுப்பு எடுத்தவர் நிரப்ப ஒரு வரி: ‘இவரை மறுபடி கூப்பிடுவேனா?’ மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் நடைமுறை வேலை செய்கிறதா என்று உங்களுக்குச் சொல்லும். அதில் ‘இல்லை’ வந்தால் காரணம் கேட்டுத் துருவாமல் ஜோடியை மாற்றிவிடுங்கள்.

இதனால் மாணவர் மதிப்பெண் ஏறுமா என்று யாராவது கேட்பார்கள், அளந்து பதில் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 82 உயர்நிலைப் பள்ளிகளில் கணித, ஆங்கில ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2017-இல் வந்த மதிப்பீட்டு அறிக்கை, தேர்வு முடிவுகளில் பலன் தெரியவில்லை என்றது. அதே சோதனையை அலசிய பொருளாதார ஆய்வாளர்கள், சிறிய முன்னேற்றம் உண்டு என்றார்கள். பார்க்கப்பட்டவர்களின் மாணவர்களுக்கு மட்டுமல்ல, போய்ப் பார்த்தவர்களின் மாணவர்களுக்கும் அது இருந்தது என்றும் சொன்னார்கள். ஆக, பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். இன்னொரு எல்லையும் உண்டு. வகுப்பில் கண்ணுக்குத் தெரிவது பேச்சும் நடத்தையும் மட்டுமே. அமைதியாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்குப் புரிந்ததா என்பதைச் சுவர் ஓரத்திலிருந்து சொல்ல முடியாது, நோட்டும் தேர்வும்தான் சொல்லும். யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பதாலேயே வகுப்பு கொஞ்சம் மாறவும் செய்யும், இரண்டாம் மூன்றாம் முறைதான் அது இயல்புக்கு வரும். ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒருவரைப் பற்றி எந்த முடிவும் வேண்டாம் என்பது இதனால்தான்.

முகம் சுளிக்கும் அந்த இரண்டு பேருக்கு வருகிறேன். அவர்களை முதலில் பார்க்கப் போகாதீர்கள், உங்கள் வகுப்புக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். அதுவும் உங்களுக்கு நன்றாக வரும் பாடத்துக்கு வேண்டாம், நீங்கள் உண்மையிலேயே தடுமாறும் பாடத்துக்கு. மேலே உள்ள பட்டியலைக் கொடுத்து, அதன்படி அவர்களே நடக்கட்டும், தாளை உங்களிடம் தரட்டும். துறையில் மூத்தவர் யாராவது அடுத்ததாகத் தன் வகுப்பைத் திறந்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். ஜோடிகளை நீங்கள் ஒதுக்காமல் அவரவரே தேர்ந்தெடுக்கட்டும், முதல் பருவத்தில் ஆளுக்கு ஒரு முறை பார்ப்பதும் ஒரு முறை பார்க்கப்படுவதும் போதும். அதற்கு மேல் வைத்தால் மாற்றுப் பாடவேளை ஒதுக்குவதிலேயே கால அட்டவணை சிக்கிக்கொள்ளும், ஓய்வுப் பாடவேளை பறிபோன கோபம் முழுதும் இந்த முயற்சியின் மேல் விழும். அப்படியும் ஒருவர் வேண்டாம் என்றால் இந்தப் பருவம் விட்டுவிடுங்கள். தன் வகுப்பைத் தானே போனில் ஒலிப்பதிவு செய்து, பதினைந்து நிமிடத்தைத் தனியாகக் கேட்டு, தன் கேள்விகளைத் தானே எண்ணிப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள், பள்ளி விதி அதற்கு இடம் கொடுத்தால்.